விளையாட்டுப் பெட்டி இரைந்து அணைகிறதா? பின்பக்கக் காற்றை வைத்துத் தூசியைக் கண்டறிதல்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புற வீடுகளிலிருந்து பழுதுபார்க்க வரும் விளையாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறைதான் சொல்லப்படுகிறது: விசிறி பலமாக இரைகிறது, சிறிது நேரத்தில் பெட்டி தானாக அணைந்துவிடுகிறது. தூசிதான் காரணம் என்று பலர் சரியாகவே ஊகிக்கிறார்கள். ஆனால் அந்தத் தூசி பெட்டிக்குள் எந்த இடத்தில் படிந்திருக்கிறது என்பதை அறியாமல் வெளிப்புறத் துளைகளை மட்டும் துடைத்துவிட்டு, குறை தீரவில்லை என்று விசிறியை மாற்றப் பணம் செலவழிக்கிறார்கள். தூசியால் வரும் இரைச்சலையும் வேறு காரணத்தால் வரும் இரைச்சலையும் பெட்டியைத் திறக்காமலேயே பிரித்தறிய முடியும். அதற்குக் காதைவிடப் பின்பக்கத்தில் வெளிவரும் காற்றே நம்பகமான சாட்சி.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது 2013-இல் வெளிவந்த முதல் வடிவப் பிளேஸ்டேஷன் 4. கைமாறிக் கைமாறி இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். மற்றப் பெட்டிகளில் உறுப்புகளின் அமைப்பு வேறுபடும். ஆனால் அறிகுறிகளைப் படிக்கும் முறை பெரிதும் மாறாது.

காற்று போகும் வழி

இந்தப் பெட்டியின் பக்கவாட்டுச் சுவர்களில் உள்ள ஒடுங்கிய இடைவெளிகள் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் வட்ட விசிறி அந்தக் காற்றை நடுப்பகுதியில் வாங்கி விளிம்பு வழியாக ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று, முதன்மைச் சில்லின் வெப்பத்தை வாங்கி வைத்திருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளின் நடுவே நுழைந்து, பிறகு மின்வழங்கிப் பகுதியையும் குளிர்வித்து, பின்பக்கக் கம்பித் துளைகள் வழியாக வெளியேறுகிறது.

தகடுகளுக்கு இடையே உள்ள சந்து மிகக் குறுகியது. விசிறி தள்ளும் காற்று அந்தச் சந்துகளில் நுழையும் முகப்பில்தான் தூசி தங்குகிறது. வெளித்துளைகளில் நாம் காண்பது அதில் ஒரு சிறு பங்கே. செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரிகள் வறண்ட மாதங்களில் கிளப்பும் செம்மண் தூசி, தனியாக இருந்தால் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். அதனுடன் சாம்பிராணிப் புகையும், கொசுவர்த்திப் புகையும், சமையலறையில் பொரிக்கும் எண்ணெயின் ஆவியும் சேரும்போது அது ஒட்டும் தன்மை பெற்று, துணியிலிருந்து உதிரும் நூலிழைகளையும் பிடித்துக்கொண்டு, தகடுகளின் முகப்பில் கம்பளித் துணி போல ஒரு படலமாகிவிடுகிறது. சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் வீட்டுக்குள் வரும் நுண்துகளும் கூடுகிறது.

விசிறி இரைவது அதன் பழுதைக் காட்டுவதாகாது. சில்லில் உள்ள உணரி வெப்பம் ஏறியதைச் சொல்ல, பெட்டி விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறது. வேகம் கூடியும் வெப்பம் இறங்காவிட்டால், பெட்டி சூடாகிவிட்டதாகத் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும். அதன் பிறகும் வெப்பம் ஏறினால் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, நான்கு பக்கமும் திறந்த ஒரு மேசையின் மேல் வைத்து, வழக்கமாக இரையும் அதே விளையாட்டைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இரைச்சல் தெளிவாகக் குறைந்தால், பெட்டி தான் வெளியேற்றிய சூடான காற்றையே மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். கண்ணாடிக் கதவு உள்ள தொலைக்காட்சி அலமாரிகளில் இது மிகவும் சாதாரணம். சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் இடம் விட்டு வைப்பதே அதற்கான மருந்து. இந்தச் சோதனையைச் செய்யாமல் திருப்புளியை எடுப்பது முறையன்று.

இரைச்சல் குறையவில்லையானால், முகம் துடைக்கும் மெல்லிய தாளிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு நீண்ட துண்டைக் கிழித்து, விசிறி பலமாக இரையும் நேரத்தில் பின்பக்கத் துளைகளுக்கு ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். தாள் துளைக்குள் நுழையும்படி நெருங்க வேண்டாம். பிறகு அதே இடத்தில் உள்ளங்கையை வைத்துக் காற்றின் சூட்டையும் பாருங்கள். தாள் எவ்வளவு விலகிப் பறக்கிறது, காற்று எவ்வளவு சுடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் படித்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: இரைச்சல் பலமாக இருக்கிறது, காற்று குறைவாகவும் மிகச் சூடாகவும் வருகிறது

இதுதான் தூசி அடைப்பின் தெளிவான அடையாளம். விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது. ஆனால் தகடுகளின் முகப்பு அடைபட்டிருப்பதால் காற்று ஊடுருவ முடியவில்லை. தப்பி வரும் சிறிதளவு காற்று, நீண்ட நேரம் சூடான உலோகத்தோடு உறவாடிய பிறகே வெளியேறுவதால் கையைச் சுடுகிறது. தாள் லேசாக ஆடுமே தவிர விலகிப் பறக்காது. சிலவேளை துளைகளின் ஒரு பக்கத்தில் மட்டும் காற்று வந்து மறுபக்கத்தில் வராமல் இருக்கும்; அது பாதித் தகடுகள் மூடிக்கொண்டதைக் காட்டுகிறது. இந்த நிலையில் கீழே சொல்லும் சுத்தம் செய்யும் முறை பலன் தரும்.

அறிகுறி: இரைச்சலும் காற்றும் பலமாக இருக்கின்றன, ஆனாலும் எச்சரிக்கை வருகிறது

தாள் நன்றாகப் பறக்கிறது, காற்றும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பெட்டி சூடாகிவிட்டதாகச் சொல்லி அணைகிறது என்றால், காற்றின் வழி திறந்தே இருக்கிறது. சில்லின் வெப்பம்தான் தகடுகளுக்கு வந்து சேரவில்லை. சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே பூசப்பட்ட வெப்பப் பசை ஆண்டுகள் போகப் போகக் காய்ந்து, வெப்பத்தைக் கடத்தும் திறனை இழந்துவிடுகிறது. எத்தனை முறை தூசி தட்டினாலும் இது தீராது. பசையை மாற்றுவதற்குத் தாய்ப்பலகை வரை பிரிக்க வேண்டியிருப்பதால், அனுபவமில்லாதவர்கள் அதைக் கடைக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

அறிகுறி: விசிறி வேகமெடுக்காமலேயே பெட்டி சட்டென்று அணைகிறது

வெப்பத்தால் அணையும் பெட்டி அதற்கு முன் சில நிமிடமாவது இரையும். இரைச்சலும் எச்சரிக்கையும் இல்லாமல், சிலவேளை இயக்கிய சில நொடிகளிலேயே அணைகிறது என்றால் தூசியைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதே நேரத்தில் வீட்டு விளக்குகள் மங்குகின்றனவா, பல பொருள்கள் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியைச் சுவரில் உள்ள வேறொரு பிளக்கில் நேராகச் செருகி ஓட்டிப் பாருங்கள். மாலை இடி மின்னலுக்குப் பிறகு இந்தக் குறை தொடங்கியிருந்தால் மின்வழங்கி பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

கருகிய வாடை வந்தாலோ, வீட்டின் மின்காப்புச் சுவிட்ச் விழுந்தாலோ, உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் இயக்காதீர்கள். மின்வழங்கியின் கதகதப்பைத் தேடிக் கரப்பான்பூச்சியும் பல்லியும் உள்ளே புகுவது நம் வட்டாரத்தில் அடிக்கடி நடப்பது. பூச்சிமருந்தைத் துளைகளுக்குள் அடிப்பது பெருந்தவறு. அதில் உள்ள எரிவாயு தீப்பிடிக்கக்கூடியது. காய்ந்த பிறகு தங்கும் பிசுபிசுப்பு தூசியை இன்னும் அதிகமாக ஈர்க்கும்.

அறிகுறி: உரசல் அல்லது தட்டல் ஒலி

காற்றின் இரைச்சலுக்குப் பதிலாக ஒரே சீரான தட்டல் கேட்டால், விசிறி இறக்கையில் ஏதோ ஒரு பொருள் படுகிறது. கரகரவென்ற உரசல் என்றால் விசிறியின் தாங்கி தேய்ந்திருக்கலாம். முதலாவதைத் திறந்து எடுத்துவிடலாம்; இரண்டாவதற்கு விசிறியை மாற்றத்தான் வேண்டும்.

திறக்காமல் செய்யக்கூடியதும் அதன் எல்லையும்

உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறக்கக் கூடாது. மற்றவர்களும் முதலில் இந்த வழியையே முயலலாம். பெட்டியை முழுமையாக அணைத்து, முன்விளக்கு அணைந்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆரஞ்சு நிற விளக்கு எரிந்தால் பெட்டி ஓய்வு நிலையில்தான் இருக்கிறது, அணையவில்லை. பிறகு சுவர்ச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எல்லாக் கம்பிகளையும் கழற்றி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் குறைந்த விசையில் வைத்து, மென்மையான தூரிகை முனையைப் பொருத்தி, பக்கவாட்டு இடைவெளிகளில் ஓரிரண்டு நொடிகள் வீதம் விட்டுவிட்டு உறிஞ்சுங்கள். முனையைப் பெட்டியின் மீது அழுத்தித் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகும். இடைவிடாமல் உறிஞ்சினால் உள்ளே விசிறி தன் வேக எல்லையை மீறிச் சுழலும். அது தாங்கிக்குக் கேடு, மின்சுற்றுக்கும் நல்லதல்ல.

இந்த முறை ஏன் பலருக்குப் பாதிப் பலனையே தருகிறது என்பதை முன்பு சொன்ன காற்றுவழியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். படலம் இருப்பது தகடுகளின் உள்முகப்பில். பின்பக்கத்திலிருந்து உறிஞ்சினால் அந்தப் படலம் தகடுகளோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. பக்கவாட்டிலிருந்து ஊதினாலும் அதே கதிதான். பின்பக்கத் துளைகள் வழியாகச் சிறு சிறு வீச்சாக உள்நோக்கி ஊதி, படலத்தைத் தளர்த்தி, உடனே பக்கவாட்டு இடைவெளியில் உறிஞ்சினால் ஓரளவு வெளியேறும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியது அப்படி வராது.

ஊதுவதற்குக் கையடக்க மின் ஊதியோ கேமரா துடைக்கும் ரப்பர்க் குமிழோ போதும். டப்பாவில் விற்கும் அழுத்தக் காற்றானால் டப்பாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உறைகுளிர்த் திரவம் சீறி வரும். பெட்டி மின்னோடு இணைந்திருக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது. பலர் நாடும் இன்னொரு வழி, டயர்க் கடையிலோ மோட்டார்சைக்கிள் பட்டறையிலோ கொடுத்து ஊதி வாங்குவது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். நம் ஈரமான காற்றை அழுத்தும் அந்தத் தொட்டிகளுக்குள் தண்ணீர் சேர்ந்தே இருக்கும், அதோடு இயந்திர எண்ணெயும் கலந்திருக்கும். அவை இரண்டும் தாய்ப்பலகையில் தெளிக்கப்படுவதோடு, டயருக்கு ஏற்ற அந்த அழுத்தம் விசிறி இறக்கைகளையும் மெல்லிய நாடா இணைப்புகளையும் முறித்துவிடவும் வல்லது.

திறந்து சுத்தம் செய்தல்: ஒரு வீட்டுப் பெட்டி

தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனின் பெட்டி காற்பந்து விளையாட்டைத் தொடங்கிக் கால்மணி நேரத்துக்குள் எச்சரிக்கை காட்டி அணைந்துகொண்டிருந்தது. மேசைக்கு மாற்றியும் இரைச்சல் குறையவில்லை. தாள் துண்டு வலது ஓரத்தில் மட்டும் லேசாக ஆடியது. அங்கே காற்று நன்றாகவே சுட்டது. வெளியிலிருந்து உறிஞ்சியதும் ஓரிரு நாள் தேவலை என்றார்கள், பிறகு பழைய நிலை திரும்பியது. “அண்ணே, சாமி மேடைக்குக் கீழ் அறையிலதான் எப்பவும் வச்சிருப்போம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவேன்” என்று அவன் தாயார் சொன்னதிலிருந்து உள்ளே என்ன இருக்கும் என்பது தெளிவாயிற்று. உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டதால் திறப்பதென்று முடிவு செய்தோம்.

பெட்டியைக் கம்பளம் இல்லாத ஓட்டுத் தரையில், சுத்தமான துணியின் மேல் கவிழ்த்து வைத்தோம். பின்பக்கத்தில் நான்கு திருகுகள் உள்ளன. சில முத்திரைத் தாளுக்கு அடியில் மறைந்திருக்கும். அவற்றுக்கு நடுவில் குழியுள்ள நட்சத்திர முனைத் திருப்புளி தேவை. பெட்டியைப் பொறுத்து டி8 அல்லது டி9 பொருந்தும். பொருந்தாத முனையை வைத்து அழுத்தினால் திருகின் தலை தேய்ந்து வேலையே நின்றுவிடும். அடிமூடியைப் பின்விளிம்பிலிருந்து மெல்லத் தூக்கினால் விசிறியும் கறுப்பு மின்வழங்கியும் தெரியும்.

தகடுகளின் முகப்பை எட்ட மின்வழங்கியை எடுக்க வேண்டும். அதன் திருகுகளைக் கழற்றிய பிறகு நேராக மேல்நோக்கித் தூக்க வேண்டும். அது நீண்ட ஊசிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. அதன் அடியில் தாய்ப்பலகைக்குச் செல்லும் சிறு கம்பி ஒன்றும் உண்டு. அவசரப்பட்டு இழுத்தால் அந்த இணைப்பு பெயர்ந்துவிடும். ஆகவே மின்வழங்கியைப் பக்கத்தில் புரட்டி வைத்து, கம்பியின் முனையைப் பிடித்துக் கழற்றினோம். மின்வழங்கியின் சொந்த உறையை எந்தக் காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

எதிர்பார்த்தபடியே தகடுகளின் முகப்பில் சாம்பல் கலந்த செம்பழுப்புப் படலம் ஒன்று முக்கால் பரப்பை மூடியிருந்தது; வலது ஓரத்தில் மட்டும் உலோகம் தெரிந்தது. தாள் துண்டு அங்கே மட்டும் ஆடியதன் காரணம் அதுவே. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் படலத்தின் பெரும்பகுதி ஒரே துண்டாக வந்தது. இப்படி எடுக்கக்கூடியதை முதலில் எடுத்துவிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஊதினால் அது துண்டு துண்டாகித் தாய்ப்பலகையின் இடுக்குகளில் போய்ச் சேரும்.

மிச்சத்தை, பயன்படுத்தாத மென்மையான மயிர்த் தூரிகையால் தகடுகள் ஓடும் திசையிலேயே வருடி எடுத்தோம். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கிச் சந்துகள் மூடிக்கொள்ளும். தூரிகையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையில் உறிஞ்சும் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, பறக்கும் தூசியை மட்டும் வாங்கச் செய்ய வேண்டும். உள்ளே தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும், தரையோடு இணைந்த உலோகக் குழாய் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்வது நல்லது. நம் நாட்டு ஈரப்பதத்தில் அது குறைவாகத்தான் சேரும்; ஆனால் குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருக்கும்.

விசிறி இறக்கைகளில் ஒட்டியிருந்த பிசுக்கு தூரிகைக்கு வரவில்லை. ஒரு சாத்தே குச்சியை இறக்கைகளின் நடுவே வைத்து விசிறி சுழலாமல் நிறுத்தி, 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சு முனையால் ஒவ்வோர் இறக்கையாகத் துடைத்தோம். தண்ணீரோ மண்ணெண்ணெயோ துருநீக்கி எண்ணெயோ இதற்கு ஆகாது. முழுவதும் உலர்ந்த பிறகுதான் மின்வழங்கியின் சிறு கம்பியை முதலில் செருகி, பின் ஊசிகளின் மேல் நேராக உட்காரவைத்துத் திருகுகளைப் பூட்டினோம்.

மறுபடி இயக்கும்போது, முன்பு முறையாக அணைக்கப்படவில்லை என்று சொல்லிப் பெட்டி தன் வன்தட்டைச் சரிபார்க்கும். அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அடிக்கடி இப்படி அணைந்த பெட்டிகளில் சேமித்த விளையாட்டுகள் கெட்டுப்போவதும் உண்டு என்பதால், அணையத் தொடங்கிய பெட்டியைச் சுத்தம் செய்யும் வரை ஓட்டாமல் வைப்பதே மேல்.

அதே காற்பந்து விளையாட்டை, அதே பிற்பகல் வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். விசிறியின் ஒலி கேட்டது, ஆனால் ஏறிக்கொண்டே போகவில்லை. தாள் துண்டு துளைகளின் முழு அகலத்திலும் விலகிப் பறந்தது. வெளியே வந்த காற்று சூடாக இருந்ததைக் கண்டு மாணவன் கவலைப்பட்டான். அது கவலைப்பட வேண்டியதன்று. சில்லின் வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது என்பதையே, நிறையக் காற்றோடு வரும் சூடு காட்டுகிறது. பெட்டியைச் சாமி மேடையிலிருந்து எதிர்ச்சுவர் ஓரத்துக்கு, முழங்காலுக்கு மேலான உயரத்தில், கதவில்லாத தட்டுக்கு மாற்றச் சொன்னோம். துணி போட்டு மூடுவதானால் அணைத்து ஆறிய பிறகே மூட வேண்டும், இயக்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். சாம்பிராணி போடும் வீட்டில் வெளித்துளைகளை மாதம் ஒருமுறை உறிஞ்சினால், திறக்க வேண்டிய காலம் தள்ளிப்போகும்.

புதிய பெட்டியும் டிகோடரும்

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் இந்த வேலை எளிது. அதன் வெள்ளைப் பக்கத் தகடுகளைத் திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்றலாம். உள்ளே தூசி சேர்வதற்கென்றே அமைக்கப்பட்ட இரண்டு துளைகள் தெரியும், அவற்றை உறிஞ்சிவிட்டால் போதும். அதற்குமேல் பிரிக்க முயல வேண்டாம். அதன் சில்லில் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் உள்ளது. அது கசிந்து பலகையில் பட்டால் மின்சுற்று குறுக்கிணைந்துவிடும்.

தொலைக்காட்சி டிகோடர்கள் பலவற்றில் விசிறியே இருப்பதில்லை. மேல்மூடியின் துளைகள் வழியாகச் சூடான காற்று தானாக எழுந்து வெளியேறுகிறது. ஆகவே இரைச்சல் என்னும் எச்சரிக்கை அங்கே கிடைக்காது. படம் உறைவது, தொலை இயக்கிக்குத் தாமதமாகப் பதில் தருவது, தானாக அணைந்து மறுபடி எரிவது ஆகியவையே அறிகுறிகள். மழை நேரத்தில் மட்டும் படம் போனால் அது சமிக்ஞைக் குறை. நீண்ட நேரம் ஓடிய பிறகு மட்டும் உறைந்து, அரைமணி அணைத்து வைத்ததும் சரியானால் அது வெப்பம். விளையாட்டுப் பெட்டியை டிகோடரின் மேல் அடுக்கி வைத்திருந்தால் முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி மேல்துளைகளை உலர்ந்த தூரிகையால் துடைத்து உறிஞ்சலாம். சந்தா நிறுவனத்தின் உடைமையாக இருக்கும் டிகோடரைத் திறக்காமல், சுத்தம் செய்த பிறகும் உறைந்தால் மாற்றித் தரும்படி அவர்களிடமே கேட்க வேண்டும்.